இன்று ஏறி நேற்று இறங்குவது எப்படி?

2018 ஜனவரி 1, நள்ளிரவு தாண்டி ஐந்து நிமிடம். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரிலிருந்து ஹவாயியன் ஏர்லைன்ஸின் எச்ஏ 446 விமானம் கிளம்பியது. ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகப் பறந்து ஹொனலுலுவில் இறங்கியபோது அந்த ஊரில் 2017 டிசம்பர் 31, காலை 10.16. புத்தாண்டில் ஏறியவர்கள் பழைய ஆண்டில் இறங்கினார்கள். அன்றிரவு அவர்களுக்கு இன்னொரு புத்தாண்டும் காத்திருந்தது.

உலகமெங்கும் செய்தியான இந்த விந்தைக்குக் காரணம் பத்து நிமிடத் தாமதம்தான். அட்டவணைப்படி அது டிசம்பர் 31 இரவு 11.55-க்குக் கிளம்பியிருக்க வேண்டும். அப்படிக் கிளம்பியிருந்தால் டிசம்பர் 31-இல் ஏறி டிசம்பர் 31-இல் இறங்கியிருப்பார்கள்; யாரும் அதைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார்கள். ஆக, தேதிக்கோட்டைத் தாண்டினால் மட்டும் தேதி பின்னால் போய்விடாது. எந்த மணிக்குக் கிளம்புகிறோம், எவ்வளவு நேரம் பறக்கிறோம் என்பதும் சேர்ந்துதான் அதை முடிவு செய்கிறது.

கணக்கு எளிது. புறப்படும் மணியோடு பறக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். இறங்கும் ஊர் எத்தனை மணி நேரம் பின்தங்கியிருக்கிறதோ, அதைக் கழியுங்கள். நியூசிலாந்தின் கோடைக்காலத்தில் ஹொனலுலு 23 மணி நேரம் பின்தங்கியிருக்கும். நள்ளிரவில் கிளம்பினால் புறப்படும் மணி பூஜ்யம். அதோடு ஒன்பதேகாலைக் கூட்டி 23-ஐக் கழித்தால் விடை பூஜ்யத்துக்கும் கீழே, பதின்மூன்றே முக்கால் குறைவாக வருகிறது. பூஜ்யத்துக்குக் கீழே போனால் முந்தைய நாள் என்று பொருள். 24-இலிருந்து பதின்மூன்றே முக்காலைக் கழியுங்கள், பத்தேகால் வரும். விமானம் இறங்கியதும் ஏறத்தாழ அந்நேரம்தான். இரவு 11.55-ஐ வைத்து இதே கணக்கைப் போட்டால் விடை பூஜ்யத்துக்கு மேலேயே நிற்கும், தேதியும் மாறாது.

இந்த 23 மணி நேரம் எங்கிருந்து வந்தது? சூரியனை வைத்துப் பார்த்தால் ஆக்லாந்துக்கும் ஹொனலுலுவுக்கும் அவ்வளவு இடைவெளி கிடையாது. கிழக்கே போகப் போகக் கடிகாரத்தை முன்னே தள்ளிக்கொண்டே போகிறோம். 15 பாகைக்கு ஒரு மணி நேரம். இப்படியே பூமியை முழுக்கச் சுற்றி வந்தால் 24 மணி நேரம் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். புறப்பட்ட ஊருக்குத் திரும்பும்போது வீட்டிலிருப்பவர்களைவிட நம் நாட்காட்டி ஒரு நாள் முன்னே ஓடியிருக்கும். அந்த உபரி நாளை வழியில் எங்காவது ஒரே தடவையாகக் கழித்துவிட வேண்டும். அந்த இடம்தான் சர்வதேசத் தேதிக்கோடு. அதனால் ஆக்லாந்திலிருந்து ஹொனலுலு போகிறவர் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்து, தேதியில் ஒன்றைக் குறைக்கிறார். முன்னே ஒன்று, பின்னே 24, மீதி 23.

இதைத் தெளிவாகக் காட்டும் இடம் பசிபிக்கில் இருக்கிறது. கிரிபாட்டி நாட்டின் கிரிட்டிமாட்டி தீவு ஹவாய்க்கு ஏறத்தாழ நேர் தெற்கே உள்ளது. இரண்டு இடத்திலும் கடிகாரம் ஒரே மணியைக் காட்டும். தேதி மட்டும் ஒன்று வேறுபடும். அங்கிருந்து புதன்கிழமை நண்பகல் கிளம்பி மூன்று மணி நேரம் வடக்கே பறந்தால் ஹொனலுலுவில் செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணி. கைக்கடிகாரத்தைத் தொடவே வேண்டாம். 1995 தொடங்கும்வரை இரண்டு தீவுகளிலும் தேதியும் ஒன்றாகவே இருந்தது. நாட்டின் ஒரு பாதியில் வெள்ளி, மறு பாதியில் சனி என்று அலுவலகங்கள் திண்டாடியதால், கிரிபாட்டி அரசு தன் கிழக்குத் தீவுகளையும் கோட்டுக்கு மேற்கே சேர்த்துக்கொண்டது. தேதிக்கோட்டை எந்த உடன்படிக்கையும் வரையவில்லை. அந்தந்த அரசு தன் தேதியைத் தானே முடிவு செய்கிறது. வரைபடக்காரர்கள் அதைப் பார்த்துக் கோட்டை வளைத்து வளைத்து வரைகிறார்கள். பிஜியின் தவேயுனி தீவின் குறுக்கே 180 பாகைக் கோடு போனாலும், அங்குள்ள ஒரு வீட்டில் நேற்று, பக்கத்து வீட்டில் இன்று என்று இல்லாதது இதனால்தான்.

அரசு நேரத்தைத் தீர்மானிப்பது நமக்கும் புதிதில்லை. ரவாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டுக்கு இல்லை, ஒன்றேகால் வாக்கில்தான். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா, சரவாக்கோடு ஒன்றாக்கினார்கள். நம் கணக்குக்குத் தேவையானது, கிரீன்விச்சைவிட நாம் எட்டு மணி நேரம் முன்னே இருக்கிறோம் என்பது.

சரி, ரவாங்கிலிருந்து கிளம்புகிற ஒருவர் முந்தைய தேதியில் போய் இறங்க முடியுமா? ஹொனலுலு நமக்கு 18 மணி நேரம் பின்னே. 2017 ஜூன் 28 முதல் கொரோனா காலம் வரும்வரை ஏர் ஏசியா எக்ஸ், கோலாலம்பூரிலிருந்து ஒசாகா வழியாக ஹொனலுலுவுக்குப் பறந்தது. பிற்பகல் இரண்டு மணி வாக்கில் கிளம்பி, ஒசாகாவில் நிற்பதையும் சேர்த்து ஏறத்தாழ 16 மணி நேரம் போனால், 14-உம் 16-உம் முப்பது. 18 போக 12. அதே தேதி, நண்பகல். அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு இன்னும் கடினம். லாஸ் ஏஞ்சலஸ் 15 அல்லது 16 மணி நேரம்தான் பின்னே. நம் ஊரிலிருந்து மாறிப் போய்ச் சேர 18 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். பயண நேரமே வித்தியாசத்தைத் தாண்டிவிடுவதால், எந்த மணிக்குக் கிளம்பினாலும் முந்தைய தேதி வராது.

ஆனால் பயணத்தின் இரண்டாம் துண்டில் வரலாம். ஒசாகாவுக்கும் ஹொனலுலுவுக்கும் வித்தியாசம் 19 மணி நேரம், பறக்கும் நேரம் ஏழரை. அந்த விமானம் ஒசாகாவிலிருந்து நள்ளிரவுக்கு முன்பே கிளம்பும் அட்டவணை கொண்டது. 28-ஆம் தேதி கோலாலம்பூரில் ஏறியவர், ஒசாகாவில் தாமதமாகி 29-ஆம் தேதி பன்னிரண்டரைக்குக் கிளம்பினார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஹொனலுலுவில் இறங்குவது 28-ஆம் தேதி மதியம் ஒரு மணிக்கு. ஆக்லாந்து விமானத்துக்கு நேர்ந்தது இதுதான்.

தலை சுற்றுகிற இடம் டிக்கெட். அதில் உள்ள மணியும் தேதியும் அந்தந்த ஊருடையவை. இறங்கும் நேரத்தின் பக்கத்தில் சிறிதாக -1 என்று இருந்தால் முந்தைய தேதி, +1 என்றால் மறுநாள். ஹோட்டல் அறையையும் அழைக்க வருகிறவரையும் ஏறும் தேதியை வைத்து ஏற்பாடு செய்யாமல், இறங்கும் தேதியை வைத்துச் செய்ய வேண்டும். மேலே சொன்ன பயணி "29-ஆம் தேதிதானே கிளம்புகிறோம், 29-க்கு அறை எடுத்தால் போதும்" என்று இருந்துவிட்டால் முதல் இரவு தங்க இடமிருக்காது. வேளை தவறாமல் மருந்து சாப்பிடுகிறவர்கள் தேதியை விட்டுவிட்டு, கடைசி வேளையிலிருந்து எத்தனை மணி நேரம் ஆனது என்று எண்ணுவது நல்லது. இன்சுலின் போடுகிறவர்கள் போகுமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

போகும்போது கிடைத்த நாள் திரும்பும்போது கழிந்துவிடும். லாஸ் ஏஞ்சலஸில் கோடைக்காலத்தில் 10-ஆம் தேதி இரவு 11 மணிக்கு ஏறினால், கோலாலம்பூரில் அப்போதே 11-ஆம் தேதி பிற்பகல் இரண்டு மணி. இருபது மணி நேரம் கழித்து வந்து இறங்குவது 12-ஆம் தேதி காலை பத்துக்கு. 11-ஆம் தேதி என்ற ஒன்று, வானத்தில் சில மணி நேரத்தைத் தவிர, அவருக்கு இருக்காது. வேலைக்கு விடுப்புக் கேட்கும்போது அந்த நாளையும் சேர்த்தே எழுத வேண்டும்.