வரி விளம்பரச் சந்தையில் கட்டணச் சுமை எப்பக்கம்? கிரெய்க்ஸ்லிஸ்ட்டை முன்வைத்து ஒரு பொருளியல் விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

ஓரூரில் வாங்குவோரையும் விற்போரையும் இணைக்கும் வரி விளம்பரத் தளம் ஓர் இருபக்கச் சந்தையாகும். அத்தகைய தளம் எப்பக்கத்திற்கு மானியம் அளிக்க வேண்டும், எவரிடம் கட்டணம் பெற வேண்டும், விற்பனைத் தொகையில் தரகு பெறுவது ஏன் பெரும்பாலும் கைகூடுவதில்லை என்பனவற்றை அமெரிக்காவின் கிரெய்க்ஸ்லிஸ்ட் தளத்தின் கட்டண வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இருபக்கச் சந்தை, வலையமைப்பு விளைவு, வரி விளம்பரம், தரகு, மானியம்

முன்னுரை

1995ஆம் ஆண்டில் கிரெய்க் நியூமார்க் என்பவர் சான் பிரான்சிஸ்கோ நகர நிகழ்ச்சிகளை நண்பர்களுக்கு அறிவிக்கும் மின்னஞ்சல் பட்டியல் ஒன்றைத் தொடங்கினார். வீட்டு வாடகை, வேலைவாய்ப்பு, பழைய பொருள் விற்பனை முதலிய அறிவிப்புகள் அதில் சேரச்சேர, அது வரி விளம்பரத் தளமாக வளர்ந்து 2000ஆம் ஆண்டிலிருந்து பிற நகரங்களுக்கும் பரவியது. இத்தளம் படிப்போரிடம் என்றுமே கட்டணம் பெற்றதில்லை. விளம்பரம் இடுவோரிலும் மிகப் பெரும்பாலோர் எதுவும் செலுத்துவதில்லை. விற்பனைத் தொகையில் பங்கும் அது கேட்பதில்லை. இதனை நிறுவனரின் பெருந்தன்மை என்று மட்டும் கொள்வது போதாது. கட்டணம் பெற்ற இடங்களையும் பெறாத இடங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இருபக்கச் சந்தைக் கோட்பாடு கூறும் வழியிலேயே அத்தளம் நடந்திருப்பது புலப்படும்.

ஊர் எல்லைக்குட்பட்ட வலையமைப்பு விளைவு

ஒரு பக்கத்தார் பெருகுவதால் மறுபக்கத்தார் அடையும் பயன் கூடுவதே இங்குக் கருதத்தக்க வலையமைப்பு விளைவு. தொலைபேசியில் ஒரே வகைப் பயனர்கள் ஒருவருக்கொருவர் பயன்படுகின்றனர். வரி விளம்பரத்தில் அவ்வாறில்லை. மிதிவண்டி விற்பவருக்கு இன்னொரு மிதிவண்டி விற்பவர் போட்டியாளரே. வாங்க வருவோரின் எண்ணிக்கைதான் அவருக்குப் பயன்.

இவ்விளைவு ஊர் எல்லையைத் தாண்டுவதில்லை என்பது மற்றொரு வேறுபாடு. நியூயார்க்கில் எத்தனை வாடகை வீடுகள் அறிவிக்கப்பட்டிருந்தாலும் சான் பிரான்சிஸ்கோவில் வீடு தேடுபவருக்கு அவற்றால் பயனில்லை. ஆகவே ஒவ்வோர் ஊரிலும், ஊருக்குள் ஒவ்வொரு பிரிவிலும் சந்தையைப் புதிதாகவே கட்ட வேண்டியுள்ளது. நாடு முழுவதற்குமான மொத்த விளம்பர எண்ணிக்கை ஒரு தளத்தின் வலிமையைக் காட்டாது. குறிப்பிட்ட ஊரில், குறிப்பிட்ட பிரிவில் இடப்பட்ட விளம்பரங்களுள் எத்தனைக்கு ஒரு வாரத்திற்குள் ஒரு விசாரிப்பேனும் வந்தது என்னும் விகிதமே அதனைக் காட்டும்.

புதிய ஊரில் எப்பக்கத்தை முதலில் சேர்ப்பது? விளம்பரம் காத்திருக்கும், படிப்பவர் காத்திருக்கமாட்டார். இன்று இடப்பட்ட அறிவிப்பு பல நாள் பட்டியலில் நிற்கிறது. வெறும் பட்டியலைக் கண்ட படிப்பவரோ அன்றே நீங்குகிறார், பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. எனவே தொடக்க மானியம் விற்போர் பக்கம் செல்வதே பொருத்தம். ஆயினும் அம்மானியத்தை விளம்பரம் ஒன்றுக்கு இவ்வளவு என்று அளித்தால் விற்றுப்போன பொருள்களும் இல்லாத பொருள்களும் பட்டியலை நிரப்பும். விசாரிப்புக்கு மறுமொழி அளித்த விளம்பரத்திற்கு மட்டும் அளிப்பது இக்கேட்டைப் பெரிதும் தடுக்கும்.

கட்டணத்தின் எதிரொலி

கட்டணம் விதிக்கும்போது நேரும் இழப்பு முதல் மாதக் கணக்கில் முழுமையாகத் தெரிவதில்லை. விளக்கத்திற்காக ஒரு கற்பனைக் கணக்கைக் கொள்வோம். படிப்போர் எண்ணிக்கை 1 விழுக்காடு குறைந்தால் விளம்பரங்கள் 0.6 விழுக்காடு குறைகின்றன. விளம்பரங்கள் 1 விழுக்காடு குறைந்தால் படிப்போர் 0.5 விழுக்காடு குறைகின்றனர் என்க. புதிய கட்டணத்தால் விளம்பரங்கள் நேரடியாக 10 விழுக்காடு குறைகின்றன. அதனால் படிப்போர் 5 விழுக்காடு குறைவர். அது விளம்பரங்களை மேலும் 3 விழுக்காடு குறைக்கும். அம்மூன்று, படிப்போரில் மேலும் ஒன்றரை விழுக்காட்டைக் குறைக்கும். இவ்வாறு சிறுத்துக்கொண்டே செல்லும் எதிரொலிகளின் கூட்டுத்தொகையை

10 ÷ (1 − 0.6 × 0.5) = 14.3

என்று எழுதலாம். கண்ட இழப்பு 10. இறுதி இழப்பு 14.3 விழுக்காடு. இரு நெகிழ்ச்சிகளின் பெருக்கற்பலன் 0.3ஆக இருப்பதால் வேறுபாடு தாங்கத்தக்கதாயிற்று. அதுவே 0.8 ஆயின், அதே 10 விழுக்காட்டு இழப்பு 50 விழுக்காடாக வளரும். பெருக்கற்பலன் ஒன்றை நெருங்கும் பிரிவில் சிறு கட்டணமும் சந்தையைக் குலைத்துவிடும். படிப்போர் பெரும்பாலும் வேடிக்கைபார்க்க வந்துசெல்லும் பழைய பொருள்கள் பிரிவு இத்தன்மையது. வேலை தேடுவோர் அவ்வளவு எளிதில் நீங்குவதில்லை.

கிரெய்க்ஸ்லிஸ்ட் கட்டணம் விதித்த வரிசை இதனோடு பொருந்துகிறது. முதலில் சான் பிரான்சிஸ்கோ வேலைவாய்ப்பு விளம்பரங்களுக்கும், 2004இல் நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரங்களின் வேலைவாய்ப்பு விளம்பரங்களுக்கும் கட்டணம் வந்தது. அக்காலத்தில் முன்னதில் 75 டாலரும் பின்னிரண்டில் 25 டாலரும் பெறப்பட்டன. சந்தை முதிர்ந்த ஊரில் கட்டணம் மிகுதி என்பது கவனிக்கத்தக்கது. ஆள் தேடும் நிறுவனத்திற்கு ஒரு பணியாளரால் கிடைக்கும் பயனோடு ஒப்பிட்டால் இத்தொகை சிறிது. பழைய நாற்காலியை விற்பவருக்கோ அதுவே பொருளின் விலையை விஞ்சிவிடும்.

2006இல் நியூயார்க் வீட்டுத் தரகர்கள் இடும் வாடகை விளம்பரம் ஒன்றுக்கு 10 டாலர் விதிக்கப்பட்டமை இன்னும் சுவையானது. அதுவரை தரகர்கள் தம் விளம்பரம் பட்டியலின் மேலே நிற்க வேண்டி ஒரே வீட்டை மீண்டும் மீண்டும் இட்டுவந்தனர். இடுவதற்குச் செலவில்லாதபோது ஒவ்வொருவரும் அவ்வாறு செய்வதே அவரவர்க்கு ஆதாயம்; பட்டியல் முழுவதும் பயனற்றுப்போவதோ எல்லோருக்கும் நட்டம். இங்குக் கட்டணம் வருவாய் வழி என்பதைவிட வடிகட்டியாகவே செயற்பட்டது. மேற்கண்ட கணக்கில் விளம்பரக் குறைவு படிப்போரைக் குறைத்தது. இங்கோ நீங்குபவை மிகைப்பதிவுகள் ஆதலால் படிப்போருக்குப் பயன் கூடுகிறது. எதிரொலி எதிர்த்திசையில் திரும்புகிறது. மானியம் எப்பக்கத்திற்கு என்னும் வினாவைவிட, ஒரே பக்கத்திற்குள் எவருக்கு என்னும் வினாவே பெரும்பாலும் கூர்மையானது.

தரகு ஏன் நிலைப்பதில்லை

ஒரு சந்தையை இருபக்கச் சந்தை எனக் கொள்வதற்கு ழான்-ஷார்ல் ரோஷே, ழான் திரோல் ஆகியோர் 2006ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஓர் அளவுகோலைத் தந்தனர். மொத்தக் கட்டணம் மாறாதிருக்க, அதனை இரு பக்கங்களுக்கும் பகிரும் முறையை மாற்றுவதால் மட்டுமே பரிமாற்ற அளவு மாறுமாயின் அது இருபக்கச் சந்தை. இவ்வளவுகோல் வரி விளம்பரத்திற்கு எதிர்பாராத முடிவொன்றைத் தருகிறது. இங்கு வாங்குபவரும் விற்பவரும் நேரில் பேரம் பேசுகின்றனர். விற்பனையின்மீது விதிக்கப்படும் தரகை விற்பவர் தலையில் வைத்தால் அவர் விலையை ஏற்றுவார்; வாங்குபவர் தலையில் வைத்தால் அவர் குறைத்துக் கேட்பார். இருவழியிலும் முடிவு ஏறத்தாழ ஒன்றே. விளம்பரம் இடும் கட்டணம் இவ்வாறு நகர்வதில்லை. அது பேரம் தொடங்கும் முன்பே, பொருள் விற்குமா என்று தெரியாத நிலையில் செலுத்தப்பட்டுவிடுகிறது. விற்பனை நடந்தாலும் நடக்காவிட்டாலும் திரும்புவதில்லை. ஆகவே தளம் உண்மையில் தெரிவு செய்ய வேண்டியது, கட்டணம் இடுதலின் மீதா விற்பனையின் மீதா என்பதையே.

விற்பனையின் மீதெனில், அதன் மேல்வரம்பு எளிய ஒப்பீட்டால் அமைகிறது. தரகுத்தொகை, பேரம் முடிந்தபின் தளம் அளிக்கும் பணியின் மதிப்புக்குள் இருக்கும்வரை இருவரும் தளத்திற்குள் நிற்பர். 200 டாலர் பெறும் பழைய சோபா ஒன்றைக் கொள்வோம். 10 விழுக்காட்டுத் தரகு 20 டாலர். வாங்குபவர் விற்பவர் வீட்டுக்கே வந்து, பொருளைத் தடவிப் பார்த்து, கையில் பணம் கொடுத்து எடுத்துச்செல்கிறார். அறிமுகம் செய்துவைத்தபின் தளம் செய்த பணி எதுவுமில்லை. வெளியே முடித்துக்கொள்வோம், 10 டாலர் குறைத்துக்கொள்கிறேன் என்று விற்பவர் சொன்னால் இருவருக்கும் ஆளுக்குப் பத்து மிச்சம். பொருளின் விலை ஏறஏறத் தரகுத்தொகை விகிதப்படி ஏறுகிறது; தளத்தின் பணி மதிப்பு அவ்வாறு ஏறுவதில்லை. ஆகவே விலையுயர்ந்த பரிமாற்றங்களே முதலில் வெளியேறுகின்றன. தரகு செலுத்த எஞ்சுபவை மலிவானவை. (நம் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுபவர் தரகு பெற முடிவது, விலை அவர் கையின் வழியாகவே முடிவாவதால்தான்.)

ஜப்பானில் 2013இல் தொடங்கிய மெர்காரி செயலி 10 விழுக்காட்டுத் தரகை நிலைநிறுத்தியது இதற்கு மறுதலையன்று. அங்குப் பொருள் அஞ்சலில் செல்கிறது. வாங்குபவர் பெற்றுக்கொண்டதை உறுதிசெய்யும்வரை பணத்தைத் தளம் வைத்திருக்கிறது. முகவரியை ஒருவருக்கொருவர் காட்டாமலே அனுப்பவும் வழியுண்டு. முன்பின் அறியாதவரிடம் தொலைவிலிருந்து வாங்குபவருக்கு இப்பணி தரகைவிடப் பெரிது. ஊருக்குள் நேரில் கைமாறும் பொருளுக்கு அந்த விகிதத்தை மட்டும் இரவல் வாங்கினால் அது நிலைக்காது.

தரகு விதித்தபின் விற்பனை குறைந்தால் அது கசிவா, உண்மையான விலகலா என்று பிரித்தறிதல் வேண்டும். விளம்பரங்களும் உரையாடல்களும் முன்போலவே இருக்க, பதிவான விற்பனை மட்டும் குறைந்து, உரையாடலுக்குப் பின் விளம்பரங்கள் சத்தமின்றி நீக்கப்படின் அது கசிவு. விளம்பரங்களும் உரையாடல்களும் சேர்ந்தே குறையின் அது விலகல். முன்னதற்குத் தரகைக் கைவிட்டு இடுதல் கட்டணத்திற்கு மாறுவது தீர்வாகலாம். பின்னதற்கு அம்மாற்றம் தீங்கையே கூட்டும்.

செய்தித்தாள்கள் காட்டும் மறுபுறம்

ஒரு பக்கத்தின் வருவாய் மறுபக்கத்தின் மானியத்தை எவ்வாறு தாங்கியது என்பதை, அது அற்றுப்போன இடத்தில்தான் தெளிவாகக் காணலாம். அமெரிக்க உள்ளூர் நாளிதழ்கள் வரி விளம்பர வருவாயைக் கொண்டு வாசகர்க்கு இதழை மலிவாகத் தந்துவந்தன. ராபர்ட் சீமன்ஸ், ஃபெங் ஷு ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு, வரி விளம்பரத்தைப் பெரிதும் சார்ந்திருந்த இதழ்களைப் பிறவற்றோடு ஒப்பிட்டது. கிரெய்க்ஸ்லிஸ்ட் நுழைந்த ஊர்களில் அவ்விதழ்களின் வரி விளம்பரக் கட்டணம் 20.7 விழுக்காடு குறைந்தது. சந்தா விலை 3.3 விழுக்காடு உயர்ந்தது. விற்பனைப் படிகள் 4.4 விழுக்காடு குறைந்தன. வாசகர் குறைந்ததால் பெரிய விளம்பரங்களின் கட்டணமும் 3.1 விழுக்காடு சரிந்தது. விளம்பரதாரர் வழி ஈட்டியது குறையவே, வாசகரை மலிவு விலையில் ஈர்ப்பதற்கான காரணமும் குறைந்தது என்பது இதன் பொருள்.

அதே நெருக்கடி பின்னாளில் கிரெய்க்ஸ்லிஸ்ட் பக்கமும் திரும்பியது. 2016இல் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் தொடங்கி, நேரில் கைமாறும் பொருள்களுக்குக் கட்டணமின்றி இடமளித்தது. 2019இல் கிரெய்க்ஸ்லிஸ்ட் தனியார் விற்கும் வண்டிகளின் விளம்பரத்திற்கும் 5 டாலர் விதித்தது. வண்டியின் விலைக்கு முன் ஐந்து டாலர் அற்பமே. எனினும் அதே வண்டியை மற்றொரு தளத்தில் இலவசமாக இடும் வாய்ப்பு விற்பவருக்கு இப்போது உண்டு. மாற்றிடம் இல்லாத காலத்தில் அளந்த நெகிழ்ச்சியைக் கொண்டு இன்றைய கட்டணத்தைக் கணித்தால், முதல் இழப்பும் அதன் எதிரொலியும் கணக்கைவிடக் கூடுதலாகவே வரும்.