கண்ணாடியை வெட்டி எடுப்பது எப்படி?

படத்தின் பின்னணியைத் தானாக நீக்கும் கருவி, ஒவ்வொரு புள்ளியும் பொருளைச் சேர்ந்ததா, பின்னணியைச் சேர்ந்ததா என்று கணிக்கிறது. கண்ணாடி டம்ளரில் ஒரே புள்ளியில் இரண்டும் கலந்திருக்கும். அதனால் கருவி டம்ளரில் ஓட்டை போடும். இல்லையேல் பழைய பின்னணியையும் உள்ளே ஒட்டவைத்துவிடும்.

சாம்பல் நிறச் சுவர் முன் எடுத்த டம்ளர் படத்தை ஃபோட்டோஷாப்பில் கையால் இப்படிச் சரிசெய்யலாம். புதிய பின்னணியின் மேல் அந்தப் படத்தின் இரண்டு நகல்களை வைத்து, இரண்டையும் கறுப்பு வெள்ளையாக்குங்கள். சுவரின் அளவு 128 என்று கொள்வோம். முதல் நகலில் Levels திறந்து கறுப்பு முனையை 128-க்கு நகர்த்தி, Screen முறையில் வையுங்கள். சுவர் மறைந்து, மினுக்கங்கள் மட்டும் நிற்கும். இரண்டாவதில் வெள்ளை முனையை 128-க்கு இழுத்து, Multiply முறையில் வையுங்கள். டம்ளரின் இருண்ட விளிம்புகள் மட்டும் தெரியும். நடுவே புதிய பின்னணி ஊடுருவித் தெரியும்.

டம்ளரைச் சுற்றி மங்கலான செவ்வகம் தெரிந்தால் சுவரில் வெளிச்சம் சீராக இல்லை. முனையை இன்னும் சற்று நகர்த்த வேண்டும். கோடு போட்ட துணிக்கு முன் எடுத்த படமானால் இந்த வழி உதவாது. கண்ணாடிக்குள் வளைந்து தெரியும் கோடுகள் அப்படியே தங்கிவிடும்.

கறுப்புப் பின்னணியில் எடுத்த புகைக்கு Screen மட்டுமே போதும். வலைக்கு, சிவப்பு, பச்சை, நீலச் சேனல்களில் இழை தெளிவாகத் தெரிவதை நகலெடுத்து, Levels-இல் கறுப்பையும் வெள்ளையையும் பிரித்து, அதையே மாஸ்க்காக்குங்கள்.