மூன்று பவுன் சங்கிலிக்கு எவ்வளவு வட்டி?

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும் நம் வீடுகள் பலவற்றில் முதலில் திறக்கப்படுவது அலமாரிக்குள் இருக்கும் நகைப்பெட்டிதான். பதிவுக் கட்டணம், விடுதிக் கட்டணம், மடிக்கணினி எல்லாம் முதல் வாரத்திலேயே வந்து நிற்கின்றன. பிடிபிடிஎன் கடனின் முதல் தவணையோ பதிவெல்லாம் முடிந்த பிறகுதான் கைக்கு வரும். இடைப்பட்ட காலத்தை அம்மாவின் சங்கிலி தாங்குகிறது. அப்போது வீட்டில் எழும் கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: "மூணு பவுன் வச்சா மாசம் எவ்வளவு வட்டி வரும்?"

இந்தக் கேள்விக்கு உள்ளபடியே விடை சொல்ல முடியாது. வட்டி பவுனுக்கு வருவதில்லை. பவுனைக் காட்டி வாங்கிய பணத்திற்கு வருகிறது. ஆனாலும் எடையிலிருந்து வட்டிக்குச் செல்ல ஒரு வழி இருக்கிறது. அந்த வழியில் நின்று பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு மூன்றுதான். ஒரு சங்கிலியை எடுத்துக்கொண்டு அந்த வழியே நடந்து பார்ப்போம்.

நாம் எடுத்துக்கொள்ளும் சங்கிலி, பதக்கத்தோடு தராசில் 24.6 கிராம் காட்டுகிறது. பதக்கத்தில் பதித்த கற்களுக்காக அடகுக்கடைக்காரர் 0.6 கிராம் கழிக்கிறார். மிச்சம் 24 கிராம், அதாவது எட்டுக் கிராம் கணக்கில் சரியாக மூன்று பவுன். கல்லுக்குக் கடன் கிடையாது. பழைய நகைகளின் உள்ளே அடைத்திருக்கும் அரக்குக்கும் கிடையாது. வாங்கும்போது கொடுத்த செய்கூலியையும் சேதாரத்தையும் அடகுக்கடையில் யாரும் விசாரிப்பதில்லை. ரசீதில் இருந்த விலையை மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு முதல் ஏமாற்றம் இங்கேதான்.

அடுத்தது தரம். உரைகல்லில் உரசி, அமிலம் விட்டுப் பார்த்து, 916 தங்கம் என்று கடைக்காரர் உறுதி செய்துகொள்கிறார். ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம் என்பது இதன் பொருள். நாம் 22 கேரட் என்று சொல்வது இதையே. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விலைப் பட்டியலில் 999 தங்கத்திற்கு ஒரு விலையும் 916 தங்கத்திற்கு ஒரு விலையும் தனித்தனியே இருக்கும். நம் சங்கிலிக்குப் பின்னதையே எடுத்துக்கொள்ள வேண்டும். அதை எடுத்த பிறகு தரத்திற்காக மறுபடியும் கழிக்கக் கூடாது, ஏனென்றால் அந்த விலையிலேயே தரம் கணக்காகிவிட்டது.

தங்கத்தின் விலை நாளுக்கு நாள் மாறுவது. ஆகவே கணக்கிற்காக 916 தங்கம் கிராமுக்கு 400 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். நம் சங்கிலியின் மதிப்பு 24 × 400 = 9,600 ரிங்கிட். முழு மதிப்பையும் எந்தக் கடையும் கடனாகத் தராது. விலை இறங்கினாலும் தன் முதலும் வட்டியும் தேற வேண்டும் என்று கடைக்காரர் ஓர் இடைவெளி விட்டுத்தான் கொடுப்பார். நம் எடுத்துக்காட்டில் குடும்பம் 6,000 ரிங்கிட் வாங்குகிறது. சீட்டில் எழுதப்படும் இந்தத் தொகைதான் இனி எல்லாவற்றிற்கும் அடிப்படை. 9,600 என்ற எண்ணை இங்கேயே விட்டுவிடலாம். கட்டுரையின் கடைசியில் அது வேறொரு வாசல் வழியாகத் திரும்பி வரும்.

மலேசியாவில் அடகுக்கடைகள் 1972ஆம் ஆண்டின் அடகுக்கடைக்காரர் சட்டத்தின்கீழ் இயங்குகின்றன. வட்டியின் உச்ச அளவு மாதத்திற்கு இரண்டு விழுக்காடு. (சிங்கப்பூரில் இந்த உச்ச அளவு ஒன்றரை விழுக்காடு.) நம் பெரியவர்கள் "ரெண்டு வட்டி" என்று சொல்லும்போது நூற்றுக்கு மாதம் இரண்டு என்றே பொருள். வங்கி விளம்பரத்தில் வரும் விழுக்காடு ஆண்டுக்கானது. அடகுக்கடையில் சொல்லும் விழுக்காடு மாதத்திற்கானது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமானால் அடகு வட்டியைப் பன்னிரண்டால் பெருக்கியாக வேண்டும். மாதம் 2 விழுக்காடு, ஆண்டுக்கு 24 விழுக்காடு ஆகிறது.

6,000 ரிங்கிட்டுக்கு 2 விழுக்காடு 120 ரிங்கிட். இது ஒரு மாத வட்டி. ஐந்து மாதத்திற்கு 600 ரிங்கிட். சீட்டின் காலத்திற்குள் இது தனி வட்டிதான். வட்டிக்கு வட்டி ஏறுவதில்லை. இப்போது அம்மாவின் கேள்விக்கும் விடை சொல்லிவிடலாம். கிராமுக்கு 250 ரிங்கிட் கடன் வாங்கியிருக்கிறோம். அதற்கு மாதம் 5 ரிங்கிட் வட்டி. ஆகப் பவுனுக்கு மாதம் 40 ரிங்கிட். ஆனால் இது இந்தச் சீட்டுக்கு மட்டுமே பொருந்தும் விடை. பக்கத்து வீட்டுக்காரர் அதே மூன்று பவுனை வைத்து 3,000 ரிங்கிட் மட்டும் வாங்கியிருந்தால், அவருக்குப் பவுனுக்கு 20 ரிங்கிட்தான் வரும். "அவங்களுக்கு மட்டும் எப்படிக் கம்மி வட்டி?" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

விழுக்காட்டை எல்லாரும் கேட்கிறார்கள். மாதத்தை எப்படி எண்ணுகிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. பணம் கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சங்கிலி மார்ச் 10ஆம் தேதி அடகு வைக்கப்பட்டது என்போம். ஆகஸ்ட் 10ஆம் தேதியோடு ஐந்து மாதம் நிறைவடைகிறது. மகன் விடுமுறைக்கு வந்து, பணத்தை எடுத்துக்கொண்டு ஆகஸ்ட் 12ஆம் தேதி கடைக்குப் போகிறான். தொடங்கிய மாதத்தை முழு மாதமாக எண்ணும் கடையில் அது ஆறாவது மாதம். கட்ட வேண்டிய வட்டி 600 அன்று, 720. இரண்டு நாள் தாமதத்தின் விலை 120 ரிங்கிட். இன்னும் இருபது நாள் கழித்துப் போயிருந்தாலும் அதே 720தான். எனவே கெடு நாளைத் தாண்டிவிட்டால் பதறி ஓடுவதால் மிச்சமாவது ஒன்றுமில்லை. தாண்டுவதற்கு முந்தின நாள் போவதில்தான் மிச்சம் இருக்கிறது. அடகு வைக்கும் அன்றே, "உடைந்த மாதத்தை எப்படிக் கணக்கிடுவீர்கள்?" என்று கேட்டு, சீட்டின் ஓரத்தில் ஒவ்வொரு மாதமும் நிறைவடையும் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

சட்டப்படி மீட்புக் காலம் ஆறு மாதம். அதற்குள் முதலும் வட்டியும் கட்டி நகையை மீட்க வேண்டும். முடியாவிட்டால் வட்டியை மட்டும் கட்டிப் புதுச் சீட்டுப் போட்டுக்கொள்ளலாம். நம் குடும்பங்களில் நகை ஆண்டுக்கணக்கில் அடகில் கிடப்பது இந்தப் புதுப்பித்தலால்தான். ஆறு மாதத்திற்கு ஒருமுறை 720 ரிங்கிட் கட்டுவது பாரமாகத் தெரியாது. மூன்று முறை புதுப்பித்துவிட்டால் பதினெட்டு மாதம் ஓடியிருக்கும். கட்டிய வட்டி 2,160 ரிங்கிட். முதல் அதே 6,000. நாம் வைத்துக்கொண்ட விலையில் 2,160 ரிங்கிட்டுக்கு 5.4 கிராம் தங்கம் வரும். மூன்று பவுனில் முக்கால் பவுனுக்குக் கொஞ்சம் குறைய வட்டியாகவே போய்விட்டது. எடையில் கணக்குப் போட்டுப் பார்க்கும்போதுதான் இது உறைக்கிறது.

வட்டியையும் கட்ட முடியாமல், அதைப் புதுச் சீட்டின் முதலோடு சேர்த்துவிடும்போது நிலை இன்னும் மாறுகிறது. 6,000 இப்போது 6,720 ஆகிறது. மாத வட்டி 134 ரிங்கிட் 40 சென். சீட்டுக்குள் இல்லாத வட்டிக்கு வட்டி, சீட்டு மாறும்போது உள்ளே நுழைந்துவிடுகிறது. தங்கத்தின் விலை ஏறியிருக்கும் காலத்தில் இது எளிதாக நடக்கும். அதே சங்கிலிக்குக் கூடுதல் கடன் தரக் கடைக்குத் தயக்கம் இருக்காது. நமக்கோ கையிலிருந்து காசு எதுவும் போகாததால் வலி தெரியாது.

இதற்கு நேர்மாறான வழியும் உண்டு. புதுப்பிக்கும்போது 720 ரிங்கிட் வட்டியோடு முதலில் ஓர் ஆயிரத்தையும் கட்டினால், புதுச் சீட்டு 5,000 ரிங்கிட்டுக்கு எழுதப்படும். மாத வட்டி 100 ஆகக் குறையும். முழுத் தொகையும் சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சேரும் பணத்தை வீட்டில் வைத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் அதற்கு நூற்றுக்கு இரண்டு கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். ஒரே சங்கிலியைப் பாதியாகப் பிரித்து மீட்க முடியாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். வளையல்களாக இருந்தால், தொடக்கத்திலேயே இரண்டு சீட்டாகப் போட்டு, ஒன்றை முன்னதாக மீட்டுக்கொள்ளலாம்.

இனி, நாம் வழியில் விட்டுவந்த 9,600. மலேசியாவில் ஆர்-ரஹ்னு என்னும் இஸ்லாமிய அடகு முறை 1992இல் திரங்கானுவில் தொடங்கிப் பிறகு வங்கிகளுக்கும் கூட்டுறவுகளுக்கும் பரவியது. இந்தியர்களும் சீனர்களும் அங்கே நகை வைக்கிறார்கள். அதன் மரபான முறையில் கடனுக்கு வட்டி கிடையாது. நகையைப் பாதுகாத்து வைப்பதற்குக் கட்டணம் உண்டு. அந்தக் கட்டணம் வாங்கிய கடனின் மீது அன்றி, நகையின் மதிப்பின் மீது கணக்கிடப்படுகிறது. மதிப்பில் நூறு ரிங்கிட்டுக்கு மாதம் 75 சென் என்று ஓர் எடுத்துக்காட்டு விகிதத்தை வைத்துக்கொண்டால், நம் சங்கிலிக்கு மாதம் 72 ரிங்கிட். அடகுக்கடையின் 120 ரிங்கிட்டுக்கு இது எவ்வளவோ மேல்.

ஆனால் இந்த 72 ரிங்கிட், நாம் 6,000 வாங்கினாலும் அதேதான், 3,000 வாங்கினாலும் அதேதான். 3,000 ரிங்கிட்டுக்கு அடகுக்கடையின் வட்டி மாதம் 60 ரிங்கிட். அந்த நிலையில் "வட்டியில்லாத" இடத்தில்தான் செலவு கூடுதல். நம் எண்களின்படி 3,600 ரிங்கிட் கடனில் இரண்டும் சமமாகின்றன. அதற்கு மேல் வாங்கினால் ஆர்-ரஹ்னு இலாபம். அதற்குக் கீழே அடகுக்கடை இலாபம். சிறு தொகை போதுமென்றால், பெரிய சங்கிலியை எடுத்துக்கொண்டு ஆர்-ரஹ்னுவுக்குப் போகாமல் அந்தத் தொகைக்கு ஏற்ற சிறு நகையைக் கொண்டுபோவது பொருந்தும். அண்மை ஆண்டுகளில் சில வங்கிகள் மதிப்பை விட்டு, கடன் தொகையின் மீதே இலாப விகிதம் வைக்கும் முறைக்கு வந்துவிட்டன. அங்கே இந்தச் சமன்பாடு செல்லாது. முகப்பில் இருப்பவரிடம், "நூற்றுக்கு எவ்வளவு?" என்று கேட்டதோடு நிறுத்தாமல், "எந்த நூற்றுக்கு, நகையின் மதிப்புக்கா, வாங்கும் பணத்துக்கா?" என்றும் கேட்டுவிட்டால் மீதிக் கணக்கை அங்கே நின்றபடியே கைப்பேசியில் போட்டுவிடலாம்.