தானாக வரும் சிறுநீர்: நலம் தேறியதன் அடையாளமா?

தண்டுவடக் காயத்திற்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய ஒருவரின் மனைவி, மறுபரிசோதனைக்கு வந்த அன்று மிகுந்த மகிழ்ச்சியுடன் ஒரு செய்தியைச் சொன்னார்: "ட்யூப் போடுறதையே நிறுத்திட்டோம் டாக்டர். இப்போ தானாவே போகுது." கணவருக்கு வயது 34. தென்னை மரம் ஏறும் தொழிலாளி. மரத்திலிருந்து விழுந்ததில் மார்புப் பகுதியின் பத்தாவது முள்ளெலும்பு நொறுங்கி, அதனுள் செல்லும் தண்டுவடம் முழுமையாகச் சிதைந்திருந்தது. கால்களில் அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. இந்நிலையில் சிறுநீர் தானாக வரத் தொடங்கினால், நரம்பு மீண்டும் உயிர்பெறுகிறது என்று குடும்பத்தார் எண்ணுவது இயல்பே. ஆனால் அன்று அவர் வந்ததற்குக் காரணம், இரண்டு நாட்களாகக் குளிருடன் காய்ச்சல். ஸ்கேன் செய்து பார்த்தபோது இரு சிறுநீரகங்களிலும் சிறுநீர் தேங்கி, அவை லேசாக வீங்கியிருந்தன.

சிறுநீர் வெளியேறிக்கொண்டிருக்கும்போதே சிறுநீரகம் ஏன் வீங்க வேண்டும்? இதைப் புரிந்துகொள்ள, நலமாக உள்ளவரின் சிறுநீர்ப்பை எவ்வாறு வேலை செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

நம் சிறுநீரகங்கள் ஏறக்குறைய நிமிடத்திற்கு ஒரு மில்லிலிட்டர் வீதம் சிறுநீரை உருவாக்கிச் சிறுநீர்ப்பைக்கு அனுப்புகின்றன. பையின் சுவர் தசையால் ஆனது. சாதாரணப் பலூனை ஊத ஊத உள்ளே அழுத்தம் ஏறும். சிறுநீர்ப்பை அப்படியன்று. நிறைய நிறையத் தன் சுவரைத் தளர்த்தி இடம் கொடுக்கும். அழுத்தத்தை நாங்கள் நீர்மட்டத்தின் உயரத்தைக் கொண்டு அளக்கிறோம். 10 சென்டிமீட்டர் உயரத்திற்கு நீர் நிற்கும் குழாயின் அடியில் எவ்வளவு அழுத்தம் இருக்குமோ, அதையே 10 என்கிறோம். நலமான பையில் 300 மில்லிலிட்டர் சேர்ந்த பின்னரும் அழுத்தம் 10, 15 என்ற அளவைத் தாண்டுவதில்லை. சிறுநீரகங்களிலிருந்து வரும் மெல்லிய குழாய்கள் தடையின்றிச் சிறுநீரை இறக்கி வைக்க இந்தக் குறைந்த அழுத்தமே காரணம்.

பையின் வாயிலில் இரண்டு சுருக்குத்தசைகள் உள்ளன. உள்ளே இருப்பது நம் விருப்பத்திற்குக் கட்டுப்படாதது. வெளியே இருப்பது நம் விருப்பத்திற்குக் கட்டுப்படுவது. இருமும்போது நாம் இறுக்கிக்கொள்வது இதைத்தான். பை நிறையும் நேரமெல்லாம், மார்பின் கீழ்ப்பகுதியிலிருந்தும் இடுப்பின் மேற்பகுதியிலிருந்தும் புறப்படும் நரம்புகள் பையைத் தளர்த்தி உள்வாயிலை மூடி வைக்கின்றன. தண்டுவடத்தின் கடைசிப் பகுதியிலிருந்து செல்லும் வேறொரு நரம்பு வெளிவாயிலை இறுக்கிப் பிடிக்கிறது. நாம் உறங்கும்போதும் இது நடக்கிறது. சிறுநீரைத் தேக்கி வைப்பதை வெறும் ஓய்வு என்று பலர் நினைப்பார்கள். உண்மையில் நரம்புகளுக்கு அதுவும் ஓயாத வேலையே.

ஏறக்குறைய 150 முதல் 200 மில்லிலிட்டர் சேரும்போது முதல் உணர்வு தோன்றும். 400 நெருங்கும்போது இடம் தேடுவோம். பையின் சுவர் விரிவதை உணரும் நரம்புகள் அச்செய்தியைத் தண்டுவடத்தின் கடைசிப் பகுதிக்குக் கொண்டு சேர்க்கின்றன. செய்தி அங்கேயே நின்றுவிடுவதில்லை. முதுகு நெடுக மேலேறி மூளைத்தண்டின் நடுப்பகுதியை அடைகிறது. அங்கே சிறுநீர் கழிப்பதற்கென்று ஒரு சிறு நரம்பு மையம் உள்ளது. லண்டனைச் சேர்ந்த பாரிங்டன் என்ற மருத்துவர் 1925இல் பூனைகளில் செய்த ஆய்வில், அந்தச் சிறு பகுதி சேதமடைந்தால் பை நிறைந்திருந்தும் விலங்கால் சிறுநீர் கழிக்க முடிவதில்லை என்று காட்டினார். இன்றும் அந்த மையம் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

இந்த மையத்தைத் தடுத்து வைத்திருப்பது பெருமூளையின் முன்பகுதி. பேருந்தில் இருக்கிறோம், இப்போது கூடாது என்று அது சொன்னால் மையம் காத்திருக்கும். குழந்தைகள் இரண்டு முதல் நான்கு வயதுக்குள் பழகிக்கொள்வது இந்தத் தடுப்பைத்தான். உரிய இடத்திற்கு வந்து நாம் அனுமதி அளித்ததும், மையம் இரண்டு கட்டளைகளைக் கீழே அனுப்புகிறது: வாயில் தளரட்டும், பை சுருங்கட்டும். வரிசை இங்கே முக்கியம். முதலில் வாயில் தளர்கிறது, அதன் பிறகே பை சுருங்குகிறது. ஓடத் தொடங்கிய சிறுநீர் வழியின் சுவரைத் தொடுவதே மேலும் சுருங்குமாறு தூண்டுவதால், பை ஏறக்குறைய முழுவதும் காலியாகிறது. ஒன்று இறுகும்போது மற்றொன்று தளர வேண்டும் என்ற இந்த இசைவுதான் சிறுநீர் கழித்தலின் உயிர்நாடி. அதை நடத்துவது மூளைத்தண்டு. பையோ தண்டுவடத்தின் கடைசிப் பகுதியோ அதைத் தாமாக அறியா.

இனி நம் நோயாளிக்கு வருவோம். பத்தாவது மார்பு முள்ளெலும்பின் உயரத்தில் அவருடைய தண்டுவடம் சிதைந்தது. சிறுநீர்ப்பைக்கான நரம்புகள் புறப்படும் கடைசிப் பகுதி, அதற்குக் கீழே, ஏறக்குறைய இடுப்பின் முதல் முள்ளெலும்பு உயரத்தில் உள்ளது. அப்பகுதிக்குக் காயமில்லை. ஆனால் மூளைத்தண்டுக்குச் செல்லும் பாதை அறுந்துவிட்டது. காயம்பட்ட முதல் சில வாரங்கள் கீழ்த் தண்டுவடம் அதிர்ச்சியில் செயலற்றுக் கிடக்கும். பை சுருங்கவே சுருங்காது. அதனால்தான் தொடக்கத்தில் கதீட்டரை உள்ளேயே வைத்திருந்தோம். பின்னர் நான்கு முதல் ஆறு மணி நேரத்திற்கு ஒருமுறை கதீட்டரைச் செலுத்தி, பையைக் காலி செய்து, உடனே எடுத்துவிடும் முறையை அவருக்கும் மனைவிக்கும் கற்றுக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பினோம்.

சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் அந்த அதிர்ச்சி நீங்கும். கீழ்த் தண்டுவடம் விழித்துக்கொள்ளும். இயல்பான நாட்களில் அமைதியாக இருக்கும் மெல்லிய நரம்பிழைகள், பையில் சிறிது சேர்ந்தவுடனே தண்டுவடத்தைத் தூண்டத் தொடங்கும். பை தானாகச் சுருங்கும். அதே நொடியில் வெளிவாயிலும் தானாக இறுகும். இரண்டையும் இசைவிக்கும் மூளைத்தண்டின் கட்டளை வந்து சேராததால், மூடிய கதவின் மீது பை முட்டி மோதுகிறது. அழுத்தம் மிகுந்து, இறுக்கம் சற்றே விலகும் இடைவெளியில் கொஞ்சம் வெளியே பீறிடுகிறது. அந்தக் குடும்பம் பார்த்து மகிழ்ந்தது இதைத்தான்.

உடை நனைந்த சற்று நேரத்தில் கதீட்டர் செலுத்திப் பார்த்தோம். 280 மில்லிலிட்டர் உள்ளே தங்கியிருந்தது. காய்ச்சல் தணிந்த பிறகு அழுத்தப் பரிசோதனை செய்தோம். பையில் ஒரு மெல்லிய குழாய், மலக்குடலில் மற்றொன்று. வயிற்றின் அழுத்தத்தைக் கழித்துவிட்டுப் பையின் அழுத்தத்தை மட்டும் அறிவதற்காகவே அந்த இரண்டாவது குழாய். உப்பு நீரை மெதுவாகச் செலுத்தியபோது, 180 மில்லிலிட்டரிலேயே பை சுருங்கத் தொடங்கி அழுத்தம் 70 வரை ஏறியது. அதே நேரத்தில் வெளித்தசையின் மின் அலைகளும் கூடின. 40ஐ நாங்கள் ஓர் எச்சரிக்கைக் கோடாகக் கொள்கிறோம். அதற்கு மேலான அழுத்தம் நீடித்தால் சிறுநீரகத்திலிருந்து வரும் சிறுநீர் இறங்க இடமின்றித் தேங்கும். தங்கிய சிறுநீரில் கிருமி பெருகும். கீழுடலில் உணர்ச்சி இல்லாதவருக்கு இந்தத் தேக்கம் வலியாகவும் தெரியாது.

இதில் எங்கள் குறையும் உண்டு. வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் "ஆறு மணி நேரத்திற்கு ஒருமுறை கதீட்டர்" என்று எழுதியிருந்தோம். சிறுநீர் தானாக வரத் தொடங்கினாலும் நிறுத்தக் கூடாது என்பதையும், அதற்கான காரணத்தையும் எழுதவில்லை. காரணம் தெரியாத கட்டளையை எவ்வளவு காலம்தான் பின்பற்றுவார்கள்?

சிகிச்சை இரண்டு பகுதிகளாக அமைந்தது. ஒன்று, பையின் தேவையற்ற சுருக்கத்தைத் தணிக்கும் ஆக்ஸிபியூட்டினின் மாத்திரை. வாய் உலர்தலும் மலச்சிக்கலும் இதன் தொல்லைகள். சிலருக்கு மாத்திரை போதாமல் பையின் சுவரில் போட்டாக்ஸ் ஊசி போட நேரிடும். இவருக்கு அது தேவைப்படவில்லை. மற்றொன்று, கைவிட்ட கதீட்டர் முறையை மீண்டும் தொடங்கியது. மாத்திரை பையை அமைதிப்படுத்தும், கதீட்டர் காலி செய்யும். மாத்திரையை மட்டும் உட்கொண்டு கதீட்டரை விட்டுவிட்டால் தேக்கம் மேலும் கூடும்.

கதீட்டரால்தானே காய்ச்சல் வருகிறது, அதை அடிக்கடி போடலாமா என்று மனைவி கேட்டார். நியாயமான கேள்வி. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாப்பிடஸ் என்ற மருத்துவர், கைகளைச் சோப்பால் கழுவிச் சுத்தமான கதீட்டரைப் பயன்படுத்தினாலே போதும், அறுவை அரங்கின் கிருமியற்ற ஏற்பாடு தேவையில்லை என்று 1972இல் எழுதினார். அளவுக்கு மீறி விரிந்த பையின் சுவரில் இரத்த ஓட்டம் குறைந்து எதிர்ப்பாற்றல் குன்றுவதே முதன்மையான தீங்கு என்பது அவர் கருத்து. ஆகவே ஒரு முறையைத் தவறவிடுவதைவிட, வெறும் சோப்பும் தண்ணீரும் கொண்டு நேரத்தில் செய்வது மேல். ஒவ்வொரு முறையும் வெளிவரும் அளவை அளந்து எழுதச் சொன்னோம். 400க்கு மேல் தொடர்ந்து வந்தால் இடைவெளியைக் குறைக்க வேண்டும். பகலில் தேவையான நீரை அருந்தி, மாலைக்குப் பின் குறைத்துக்கொண்டால் இரவு எளிதாகும்.

அடிவயிற்றைத் தட்டியும் அழுத்தியும் சிறுநீரை வரவழைக்கும் வழக்கத்தைச் சில வீடுகளில் காண்கிறேன். இவ்வகைப் பைக்கு அது தீங்கு. தட்டுவது, மூடிய கதவை நோக்கிய அதே மோதலைத் தூண்டுகிறது.

இங்கே சொன்னவை அனைவருக்கும் பொருந்தா. இடுப்பின் கீழ்ப்பகுதியில் நரம்புகள் அடிபட்டவருக்கும், நீண்டகால நீரிழிவால் பையின் நரம்பு கெட்டவருக்கும் பை பெரும்பாலும் சுருங்காமல் தொய்ந்திருக்கும். அவர்களுக்கும் சிறுநீர் கசியக்கூடும். ஆனால் அது நிரம்பிய குடத்திலிருந்து வழிவதைப் போன்றது. கசிவை மட்டும் பார்த்து இரண்டையும் வேறுபடுத்த இயலாது. கழித்த பின் எவ்வளவு தங்கியிருக்கிறது என்பதை அளந்தும், அழுத்தத்தைப் பார்த்துமே அறிய முடியும்.

ஆறு மாதங்களுக்குப் பின் எடுத்த ஸ்கேனில் அவருடைய சிறுநீரகங்களின் வீக்கம் வடிந்திருந்தது. ஒரு நாளைக்கு ஐந்து முறை தாமே கதீட்டர் செலுத்திக்கொள்கிறார். மனைவி இப்போது வேலைக்குச் செல்கிறார். இடையிடையே கசிவு கூடினாலோ, கால்கள் வழக்கத்தைவிட அதிகமாக வெட்டி இழுத்தாலோ, சிறுநீர் கலங்கிக் காய்ச்சல் வந்தாலோ நாள் குறித்திருக்கும்வரை காத்திராமல் வருமாறு சொல்லியிருக்கிறோம். எதுவுமே இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரக ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பதை இம்முறை, காரணத்தோடு, சீட்டில் எழுதிக் கொடுத்தோம்.