டச்பேட் அழுந்தவில்லையா? பேட்டரியைப் பாருங்கள்

'டச்பேட் கிளிக் ஆகவில்லை' என்று பழுதுபார்க்கும் கடைக்கு வரும் மெல்லிய லேப்டாப்கள் சிலவற்றில் டச்பேட் நன்றாகவே இருக்கும். அடிமூடியைக் கழற்றியதும் உண்மை தெரிந்துவிடும். தட்டையாகக் கிடக்க வேண்டிய பேட்டரி தலையணைபோல உப்பி, டச்பேடைக் கீழிருந்து முட்டிக்கொண்டிருக்கும்.

டச்பேட் தவிர வேறு அறிகுறிகளும் உண்டு. சமமான மேசையில் வைத்தாலும் லேப்டாப் ஆடும். கீ-போர்டின் நடுப்பகுதி லேசாக மேடிடும். திரையை மூடினால் ஒரு பக்கம் சரியாகப் பொருந்தாது. அடிமூடியின் ஓரம் பிரிந்து நிற்கும். ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது என்று நினைத்து அதைத் திருகி இறுக்குவோரும் உண்டு. உள்ளே உப்பிய செல்லை மேலும் நசுக்கும் வேலை அது. நெயில் பாலிஷ் ரிமூவர் போன்ற இனிப்பான வாடை வந்தால் உறை கிழிந்து உள்ளிருக்கும் திரவம் கசிகிறது என்று பொருள்.

பேட்டரியை உப்ப வைப்பது வாயு. லித்தியம் அயான் செல்லுக்குள் இருக்கும் திரவம், எளிதில் தீப்பற்றக்கூடிய கரைப்பான்களால் ஆனது. அதிகச் சூட்டிலும் அதிக வோல்ட்டிலும் அது மெல்லச் சிதைந்து கார்பன் டை ஆக்சைடு, எத்திலீன் போன்ற வாயுக்களைக் கக்குகிறது. பழைய லேப்டாப்களில் இருந்த உருளை செல்களுக்கு இரும்பு உறை இருந்ததால் இது வெளியே தெரியவில்லை. இன்றைய மெல்லிய லேப்டாப்களில் இருப்பவை அலுமினியத் தாள் உறையிட்ட 'பவுச்' செல்கள். வாயு சேர்ந்தால் அவை வீங்குவதைத் தவிர வேறு வழியில்லை. மெத்தைமேல் வைத்து, நாள் முழுக்கச் சார்ஜரில் மாட்டி, எப்போதும் 100 சதவீதத்திலேயே நிறுத்தி வைத்தால் இது விரைவாக நடக்கும்.

உப்பியது தெரிந்த நொடியே சார்ஜரைப் பிடுங்கி, லேப்டாப்பை அணைத்துவிட வேண்டும். வீக்கம் வடியாது. ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வது மிகவும் ஆபத்தான யோசனை. செல்லுக்குள் இரண்டு மின்முனைகளையும் பிரித்து வைத்திருப்பது ஒரு மெல்லிய படலம்தான். ஊசி அதைத் துளைத்தால் உள்ளேயே ஷார்ட் ஆகி, சில நொடிகளில் தீப்பிடிக்கலாம்.

'ஒரிஜினல் பேட்டரிக்கு இதெல்லாம் நடக்காது' என்ற நம்பிக்கையும் சரியல்ல. 2006 ஆகஸ்டில் டெல் நிறுவனம் 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. அவற்றில் இருந்தவை சோனி தயாரித்த செல்கள். உள்ளே கலந்திருந்த நுண்ணிய உலோகத் துகள்கள் ஷார்ட்டுக்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. 2019 ஜூனில் ஆப்பிள், 2015 செப்டம்பர் முதல் 2017 பிப்ரவரி வரை விற்ற 15 அங்குல மேக்புக் ப்ரோக்களில் ஒரு பகுதியின் பேட்டரிகளை இலவசமாக மாற்றித்தர முன்வந்தது. ஆகவே பேட்டரிக்குப் பணம் கொடுக்கும் முன், அந்த மாடலுக்கு இப்படி ஏதாவது அறிவிப்பு இருக்கிறதா என்று நிறுவனத்தின் தளத்தில் சீரியல் எண்ணைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

உப்பாமல் வெறுமனே தேய்ந்த பேட்டரி வேறு விஷயம். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து இதைத் தட்டினால் ஓர் அறிக்கை கிடைக்கும்:

```
powercfg /batteryreport
```

அதில் DESIGN CAPACITY என்பது புதிதாக இருந்தபோதைய கொள்ளளவு. FULL CHARGE CAPACITY என்பது இன்றைய கொள்ளளவு. ஒரு லேப்டாப்பில் முதலாவது 41,040 என்றும் இரண்டாவது 24,600 என்றும் இருந்தால், மிச்சமிருப்பது 60 சதவீதம். புதிதில் 4 மணி நேரம் தாக்குப்பிடித்தது இப்போது சுமார் இரண்டரை மணியில் நின்றுவிடும். மாற்றுவதா வேண்டாமா என்பது அவரவர் தேவை. ஆனால் 30 சதவீதம் காட்டும்போதே லேப்டாப் பட்டென்று அணைந்தால் தள்ளிப்போடாமல் மாற்றிவிடலாம்.

மாற்றும்போது லேப்டாப் மாடலைச் சொல்லி வாங்கக் கூடாது. ஒரே மாடலுக்குள்ளேயே இருவேறு பேட்டரிகள் வருவதுண்டு. பழைய பேட்டரியின் லேபிளில் உள்ள பார்ட் நம்பரும் வோல்ட்டும்தான் பொருந்த வேண்டும்.

இங்கேதான் மலிவான கம்பேட்டிபிள் பேட்டரியின் சிக்கல் தொடங்குகிறது. நாம் பார்த்த 41 வாட்-ஹவர் பேட்டரியின் லேபிளில் 11.4 வோல்ட், 3600 மில்லி ஆம்பியர்-ஹவர் என்று இருக்கும். மூன்று செல்களின் வரிசை அது; செல் ஒன்றுக்கு 3.8 வோல்ட். இத்தகைய செல் 4.35 வோல்ட் வரை சார்ஜ் ஆகும்படி செய்யப்பட்டது. சாதாரண 3.7 வோல்ட் செல்லுக்கு எல்லை 4.2 தான். விலையைக் குறைக்க இந்தச் சாதாரண செல்லை வைத்து, லேபிளையும் சர்க்யூட்டையும் மட்டும் ஒரிஜினலைப் போலவே செய்துவிட்டால், செல் ஒவ்வொரு முறையும் தன் எல்லையைத் தாண்டிச் சார்ஜ் ஆகும். அப்படிப்பட்ட பேட்டரி சில மாதங்களிலேயே உப்பினால் வியப்பதற்கில்லை. சூட்டை அளக்கும் சென்சாருக்குப் பதில் ஒரு சாதாரண ரெசிஸ்டரை வைத்து ஏமாற்றும் பேட்டரிகளும் சந்தையில் உண்டு.

வாங்குபவர் உள்ளே பிரித்துப் பார்க்க முடியாது. லேபிளைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதே அளவு பேட்டரிக்கு 5200 மில்லி ஆம்பியர்-ஹவர் என்று போட்டிருந்தால், 11.4 வோல்ட்டோடு பெருக்கினால் 59 வாட்-ஹவர். 41 மட்டுமே கொள்ளும் இடத்தில் 59 எப்படி வந்தது? எடையும் காட்டிக்கொடுக்கும்: ஒரிஜினலைவிடக் கணிசமாக லேசான பேட்டரியில் அதற்குச் சமமான கொள்ளளவு இருக்க வாய்ப்பில்லை. இந்தியாவில் விற்கும் லித்தியம் பேட்டரிக்கு ஐஎஸ் 16046 தரப்பதிவு கட்டாயம். அதில் உள்ள 'ஆர்' எனத் தொடங்கும் பதிவெண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் சரிபார்க்கலாம். இவற்றில் தேறி, ஒரு வருட வாரண்டியும் உள்ள கம்பேட்டிபிள் பேட்டரியைத் தயங்காமல் வாங்கலாம். உற்பத்தி நின்றுபோன பழைய மாடலுக்கு, கடை அலமாரியில் ஐந்து வருடம் கிடந்த ஒரிஜினலைவிட அது மேல். பயன்படுத்தாமல் இருந்தாலும் செல் முதுமையடைகிறது. பழைய பெட்டிக்குள் செல்லை மட்டும் மாற்றித் தரும் ஏற்பாடு பவுச் பேட்டரிக்கு ஏற்றதல்ல. செல்களைப் பிரித்ததும் சர்க்யூட் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளலாம். பூட்டாவிட்டாலும் பழைய செல்லின் கணக்கையே வைத்துக்கொண்டு தவறான சதவீதம் காட்டும்.

உப்பாத பேட்டரியை வீட்டிலேயே மாற்றுபவர்கள், சார்ஜ் 25 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகு அணைத்து, சார்ஜரை எடுத்துவிட்டுத் திறக்க வேண்டும். அடிமூடி ஸ்க்ரூக்களில் நீளமும் குட்டையும் கலந்திருக்கும். எது எங்கிருந்து வந்தது என்று குறித்து வைக்காமல் நீளமானதைத் தவறான இடத்தில் முடுக்கினால் அது போர்டைத் துளைக்கக்கூடும். முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது, அதுவும் ஒயரைப் பிடித்து இழுக்காமல். பேட்டரி பசையால் ஒட்டப்பட்டிருந்தாலோ ஏற்கெனவே உப்பியிருந்தாலோ வீட்டில் முயல வேண்டாம். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பும்போதுதான் உறை கிழிகிறது.

கழற்றிய பழைய பேட்டரியை வீட்டுக் குப்பையில் போடக் கூடாது. குப்பை வண்டியில் நசுங்கினாலே அது எரியக்கூடும். கனெக்டரின் முனையில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மின்கழிவு சேகரிக்கும் மையத்திலோ நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிலோ கொடுக்கலாம். உப்பியதாக இருந்தால் கொண்டுபோகும் வரை எரியாத பாத்திரத்தில் மணல் பரப்பி, தனியாக, வெயில் படாத திறந்த இடத்தில் வைக்க வேண்டும். கூரியரிலோ விமானத்திலோ அதை அனுப்பவோ எடுத்துச் செல்லவோ கூடாது.