ரேபிஸ் வைரஸ் கையோடு கொண்டுவரும் நொதி

போலியோ வைரஸின் புரத உறையை நீக்கிவிட்டு, உள்ளிருக்கும் ஆர்.என்.ஏ.வை மட்டும் மனித உயிரணுவுக்குள் செலுத்தினால் போதும், சில மணி நேரத்தில் புதிய வைரஸ்கள் உருவாகிவிடும். ரேபிஸ் வைரஸின் ஆர்.என்.ஏ.வை அதேபோல் செலுத்தினால் எதுவும் நடக்காது. இரண்டுமே ஒற்றை இழை ஆர்.என்.ஏ.தான். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

எந்த வைரஸுக்கும் சொந்தமாகப் புரதம் செய்யத் தெரியாது. நம் உயிரணுவின் ரைபோசோம்களைத்தான் அது நம்பியிருக்கிறது. ரைபோசோம்களோ தூது ஆர்.என்.ஏ.வை மட்டுமே படிக்கும். போலியோவின் மரபிழையே தூது ஆர்.என்.ஏ. என்பதால் உடனே வேலை தொடங்கிவிடுகிறது. இது நேர் இழை. ரேபிஸின் இழையில் எழுத்துகள் எதிரிணையாக இருக்கின்றன. புரதத்தைத் தொடங்கச் சொல்லும் ஏ-யு-ஜி என்ற குறி அதில் யு-ஏ-சி என்று நிற்கும். இந்த எதிர் இழையிலிருந்து நேர் படியை எடுக்க, ஆர்.என்.ஏ.வைப் பார்த்து ஆர்.என்.ஏ. எழுதும் நொதி வேண்டும். அந்த வேலைக்கான நொதி நம் உயிரணுவில் இல்லை. அதனால் வைரஸே அதைக் கொண்டுவர வேண்டும்.

கொண்டுவருகிறது என்பதை 1970-இல் டேவிட் பால்டிமோர், ஆலிஸ் ஹுவாங், மார்த்தா ஸ்டாம்ப்ஃபர் மூவரும் காட்டினர். ரேபிஸின் உறவான, கால்நடைகளின் வாயில் கொப்புளம் உண்டாக்கும் வைரஸை எடுத்து, உயிரணுவே இல்லாத சோதனைக்குழாயில் ஆர்.என்.ஏ.வின் மூலப்பொருள்களோடு சேர்த்தார்கள். புதிய ஆர்.என்.ஏ. உருவானது. நொதி வைரஸ் துகளுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

ரேபிஸில் மொத்தம் ஐந்து மரபணுக்கள். நொதி இழையின் ஒரு முனையில் தொடங்கி ஒவ்வொன்றாகப் படியெடுத்துக்கொண்டே போகும். ஒவ்வொரு மரபணுவின் முடிவிலும் சில நொதிகள் கழன்றுவிடும். அதனால் முதல் மரபணுவுக்குப் படிகள் அதிகம், கடைசி மரபணுவுக்குக் குறைவு. இழையைப் போர்த்தும் புரதம் ஏராளமாகத் தேவை. அதன் மரபணு முதலில் இருக்கிறது. படியெடுக்கும் நொதி கொஞ்சம் போதும், அது கடைசியில். மரபணுக்களின் வரிசையே இங்கே அளவுகோலாகிவிடுவது எனக்கு இன்றும் வியப்புதான்.

தூது ஆர்.என்.ஏ.வுக்கு எந்த வழியாக வந்து சேர்கிறது என்ற இந்த ஒரே கேள்வியை வைத்து, 1971-இல் பால்டிமோர் வைரஸ்களை ஆறு வகையாகப் பிரித்தார். இரட்டை இழை டி.என்.ஏ., ஒற்றை இழை டி.என்.ஏ., ரோட்டா வைரஸ் போன்ற இரட்டை இழை ஆர்.என்.ஏ., நேர் இழை, எதிர் இழை, ஆர்.என்.ஏ.வை முதலில் டி.என்.ஏ.வாக மாற்றிக்கொள்ளும் எச்.ஐ.வி.யின் இனம் என ஆறு. நோய்களோ உருவமோ இந்தப் பிரிவினைக்குப் பொருட்டல்ல.

ஏழாவது வகை பின்னால் சேர்ந்தது. அதில்தான் ஹெபடைடிஸ் பி இருக்கிறது. அதன் டி.என்.ஏ.வில் ஒரு பகுதி ஒற்றை இழையாகவே இருக்கும். உயிரணுவின் உட்கருவில் அந்த இடைவெளி நிரப்பப்பட்டு, முழு வளையமாகி, நம் நொதியைக் கொண்டே தூது ஆர்.என்.ஏ. எழுதப்படுகிறது. அவற்றில் ஒன்றைத் திரும்ப டி.என்.ஏ.வாக மாற்றித்தான் புதிய வைரஸ்கள் பிறக்கின்றன. டெனோஃபோவிர் போன்ற மருந்துகள் இந்தக் கடைசிப் படியைத்தான் தடுக்கின்றன. உட்கருவில் தங்கிவிட்ட வளையத்தை அவை தொடுவதில்லை. அதனால்தான் பலருக்கு மாத்திரையை நிறுத்தியதும் வைரஸ் மீண்டும் பெருகுகிறது.