மூட்டைக்குள் மிச்சமிருக்கும் குளோரின்

குடிநீர்த் தொட்டிக்கு வாங்கி வைத்த பிளீச்சிங் பவுடர் மூட்டையைப் பிரித்ததும் குப்பென்று நெடி அடித்தால், 'சரக்கு நல்ல சரக்கு' என்று பலர் நம்பிவிடுகிறார்கள். அந்த நெடி, மூட்டையை விட்டு ஓடிக்கொண்டிருக்கும் குளோரின். உள்ளே எவ்வளவு மிச்சம் என்பதை மூக்கு சொல்லாது.

அமிலம் சேர்த்தால் பவுடரிலிருந்து வெளிவரும் குளோரினுக்குத்தான் 'கிடைக்கும் குளோரின்' என்று பெயர். நல்ல புதிய பவுடரில் இது எடையில் 34 சதவீதம் அளவுக்கு இருக்கும். ஈரமும் வெப்பமும் காற்றும் பட்டால் குறைந்துகொண்டே போகும்.

ஆய்வகத்தில் இதை அளக்க அயோடினைத் துணைக்கு அழைக்கிறார்கள். மூட்டையின் மேற்பரப்பில் மட்டுமின்றி உள்ளிருந்தும் எடுத்துக் கலந்த மாதிரியில் 2.5 கிராமை நிறுத்து, சிறிது தண்ணீர் விட்டுக் கல்வத்தில் கட்டியில்லாமல் அரைத்து, குடுவையில் 250 மில்லியாக்குகிறார்கள். கரைசல் பால்போல் கலங்கியிருக்கும். தெளியவிட்டு மேல்நீரை எடுத்தால் கணக்கு தவறக்கூடும்; நன்றாகக் குலுக்கி, அந்தக் கலங்கலிலிருந்தே 25 மில்லி எடுக்க வேண்டும். அதில் முதலில் பொட்டாசியம் அயோடைடு, பிறகுதான் அசிட்டிக் அமிலம். வரிசை மாறினால் பிடித்துக்கொள்ள அயோடைடு இல்லாமல் குளோரின் காற்றில் பறந்துவிடும்.

அமிலம் விழுந்ததும் குடுவை செம்பழுப்பாகிறது. எவ்வளவு குளோரின் இருந்ததோ அதற்கு ஈடான அயோடின் வெளிவந்திருக்கிறது. பியூரெட்டிலிருந்து 0.1 நார்மல் தயோசல்பேட்டை விட விட, பழுப்பு வெளுத்து வைக்கோல் நிறத்துக்கு வரும். அப்போதுதான் ஸ்டார்ச் கரைசல் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டு முன்பே ஊற்றினால், ஸ்டார்ச் நிறைய அயோடினைக் கவ்விக்கொண்டு எளிதில் விடாது; முடிவுப்புள்ளி இழுத்தடிக்கும். சரியான நேரத்தில் சேர்த்தால் கருநீலம் படரும். பிறகு ஒரே சொட்டில் அது மறையும். சற்று நேரம் கழித்து நீலம் திரும்பினால் பதற வேண்டாம், அது காற்றிலுள்ள ஆக்சிஜனின் வேலை.

வலுவான ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏன் கூடாது? பழைய பவுடரில் ஹைப்போகுளோரைட்டின் ஒரு பகுதி குளோரேட்டாக மாறியிருக்கும். தொட்டியில் அது கிருமியைக் கொல்லாது. ஆனால் வலுவான அமிலத்தில் அதுவும் அயோடினை வெளியேற்றி, செத்த பவுடரை உயிருள்ளதாகக் காட்டும். மென்மையான அசிட்டிக் அமிலத்தில் அந்த ஏமாற்று நடக்காது.

15.5 மில்லி தயோசல்பேட் செலவானது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிக்கு 3.546 மில்லிகிராம் குளோரின். மொத்தம் சுமார் 55. எடுத்துக்கொண்ட 25 மில்லியில் இருந்த பவுடர் 250 மில்லிகிராம். ஆக, 22 சதவீதம்.

30,000 லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் 60 கிராம் குளோரின் வேண்டும். புதிய பவுடர் என்றால் 176 கிராம் போதும். இந்த மூட்டையிலிருந்து ஏறக்குறைய 273 கிராம் போட வேண்டும்.